உறுப்பினர் 136 பேர், வேலை 71 மணி நேரம்: எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம். நானும் எங்க அத்தையும் சேர்ந்து யூடியூப்ல திருநெல்வேலிச் சமையல் சேனல் நடத்துறோம். 62,000 பேர் இருக்காங்க. ஏழு மாசம் முன்னாடி மாசக் கட்டணத்துல உறுப்பினர் திட்டம் ஆரம்பிச்சேன். 59 ரூபாய்க்கு பேட்ஜும் எமோஜியும் (96 பேர்). 199க்கு வாரம் ஒரு தனி சமையல் வீடியோ, வாட்ஸ்அப் குழு (31 பேர்). 599க்கு மாசம் ஒரு பொடி பார்சல், என்கூட அரை மணி நேரம் வீடியோ கால் (9 பேர்). போக எல்லாருக்கும் சேர்த்து மாசம் ஒரு குலுக்கல், ஜெயிச்சவங்களுக்கு ஒரு கிலோ கருப்பட்டி. இப்போ ராத்திரி ஒரு மணிக்கும் குழுவுல பதில் சொல்லிட்டு இருக்கேன். வாரம் ரெண்டு போட்ட பொது வீடியோ ஒண்ணாயிட்டு. அப்படியும் ஆள் விலகுறாங்க. எதைக் குறைச்சா ஆள் போகாது? ஒரு மாசம் எதுக்கு எவ்வளவு நேரம் போச்சுன்னு எழுதி இணைச்சிருக்கேன். — ஒரு வாசகி

தங்கச்சி, நேரக் கணக்கை எழுதி அனுப்பினீர்களே, அதுதான் பெரிய உதவி. முதலில் அதன் பக்கத்தில் பணத்தை வைத்துப் பார்த்துவிடுவோம்.

உறுப்பினர் கட்டும் பணத்தில் முதலில் 18 சதவீத ஜிஎஸ்டி கழியும், மீதியில் 70 சதவீதம் உங்களுக்கு. அப்படியானால் 59 ரூபாயில் வரி போக 50, உங்கள் கைக்கு 35. 199இல் கைக்கு வருவது 118. 599இல் 355. வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டு விலை கட்டுவார்கள், ஐபோன் செயலி வழியாகச் சேர்ந்தவர்களின் கணக்கும் கொஞ்சம் மாறும். இங்கே எல்லாரையும் இந்தியக் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறேன்.

59 ரூபாய்க்காரர்கள் 96 பேரிடமிருந்து மாதம் 3,360 ரூபாய் வருகிறது. பேட்ஜும் எமோஜியும் ஒருமுறை வரைந்து ஏற்றியதோடு சரி, அதற்குமேல் நீங்கள் செலவழிக்கும் நேரம் அநேகமாக இல்லை. 199இல் 31 பேர், 3,658 ரூபாய். அதற்கு நீங்கள் எழுதியிருக்கும் நேரம், நான்கு தனி வீடியோவுக்கு 24 மணி நேரமும் வாட்ஸ்அப் குழுவுக்கு 30 மணி நேரமும். ஆக 54. மணிக்கு 68 ரூபாய் விழுகிறது. 599இல் 9 பேர், 3,195 ரூபாய். பார்சல் ஒன்றுக்குப் பொடி, டப்பா, கூரியர் எல்லாம் சேர்த்து 200 ரூபாய் ஆகிறது என்கிறீர்கள். அதைக் கழித்தால் நிற்பது 1,395. வறுத்து, அரைத்து, கட்டி அனுப்ப 9 மணி நேரம், வீடியோ காலுக்கும் அதற்கு நேரம் குறித்து ஒவ்வொருவரோடும் பேசி முடிக்கவும் 8 மணி நேரம். மணிக்கு 82 ரூபாய்.

மொத்தத்தில் 71 மணி நேரம் உழைத்து 8,400 ரூபாய். அதில் ஐந்தில் இரண்டு பங்கு, நீங்கள் உழைக்காத 59 ரூபாய் நிலையிலிருந்து வருகிறது.

எதைக் குறைப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஒரு சலுகையைக் கொடுக்கும்போது, உறுப்பினர் பத்துப் பேராக இருந்தாலும் ஐநூறு பேராக இருந்தாலும் வேலை அதேதானா, இல்லை ஆள் சேரச் சேர வேலையும் ஏறுமா? பேட்ஜ், வீடியோவை முன்கூட்டியே பார்ப்பது, உறுப்பினர் மட்டும் பார்க்கும் பதிவு, நேரலை எல்லாம் முதல் வகை. வீடியோ கால், பார்சல், வாட்ஸ்அப்பில் தனித்தனிப் பதில் எல்லாம் இரண்டாவது வகை. இரண்டாவது வகையில் சிக்கல் என்னவென்றால், திட்டம் நன்றாக ஓடினால்தான் அது உங்களைச் சாய்க்கும். நாளைக்கே 599இல் முப்பது பேர் சேர்ந்தால் மகிழ்வீர்களா, பயப்படுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பயம் வருகிறது என்றால் அந்த நிலையை விற்பனைக்கு வைத்திருக்கவே கூடாது.

உங்கள் வாரத் தனி வீடியோ இந்த இரண்டு வகையிலும் வராத மூன்றாவது சிக்கல். ஆள் கூடினாலும் அதன் வேலை கூடாது, உண்மைதான். ஆனால் அது ஒரு முழுப் பொது வீடியோவின் உழைப்பைத் தின்றுவிட்டு 40 பேரிடம் மட்டும் போய்ச் சேருகிறது. வாரம் இரண்டு போட்ட பொது வீடியோ ஒன்றானது இதனால்தான். புது ஆட்கள் உங்களைக் கண்டுபிடிப்பது பொது வீடியோவில். அது பாதியானால் புதிதாக உறுப்பினராக வருபவர்களும் குறைவார்கள். விலகுகிறவர்கள் எப்போதும்போலத்தான் விலகுகிறார்களோ என்னவோ, அந்த இடத்தை நிரப்ப ஆள் வராததால் உங்களுக்கு அது பெரிதாகத் தெரியலாம். யூடியூப் ஸ்டூடியோவில் உறுப்பினர் பகுதிக்குப் போய், சேர்ந்தவர் எண்ணிக்கையையும் விலகியவர் எண்ணிக்கையையும் மாதவாரியாகத் தனித்தனியே எழுதிப் பாருங்கள். சேர்ந்தவர் கோடு இறங்கியிருந்தால் நான் சொல்வது சரி.

சரி, வேலை கூடாத சலுகையை மட்டும் கொடுத்தால் அதை யார் மதிப்பார்கள் என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் உங்கள் சொதி வீடியோவையும் அதன் கருத்துப் பகுதியையும் மேலிருந்து கீழ்வரை படித்தேன்.

அங்கே கேட்கப்பட்டிருப்பது பெரும்பாலும் இரண்டே விஷயம். ஒன்று, அளவு. அத்தை “ஒரு தேங்கா, ஒரு கை பாசிப்பருப்பு” என்று சொல்லிக்கொண்டே போகிறார். அவர் கையும் ஷார்ஜாவில் இருக்கும் பிள்ளையின் கையும் ஒன்றல்ல. “மூணாம் பாலுக்கு எவ்வளவு தண்ணி விடணும்?”, “எனக்குப் பால் திரிஞ்சு போச்சு, என்ன தப்பு?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். காய் வேக வேண்டியது இரண்டாம் மூன்றாம் பாலில், முதல் பால் கடைசியில், அது விட்டபின் தளதளவென்று கொதிக்கக் கூடாது, எலுமிச்சை அடுப்பை அணைத்த பிறகு. இதெல்லாம் வீடியோவிலேயே இருக்கிறது. ஆனால் அடுப்படியில் ஈரக்கையோடு நிற்கிறவர் 14 நிமிட வீடியோவை முன்னும் பின்னும் தள்ளித் தேட மாட்டார். அவருக்கு வேண்டியது ஒரு பக்கம்.

இரண்டாவது, அத்தை. தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டே, மறுவீட்டு விருந்துக்கு ஐம்பது தேங்காய் துருவிய கதையை ஆரம்பித்தார் பாருங்கள், நீங்கள் அதை இருபது விநாடியில் வெட்டிவிட்டீர்கள். “ஆச்சி பேசுறத ஏன் கட் பண்ணீங்க?” என்று அந்த வீடியோவின் கீழேயே பலர் கேட்டிருக்கிறார்கள். ஊரை விட்டுப் போன திருநெல்வேலிக்காரர்கள் அந்தப் பேச்சைக் கேட்கக் காசு கொடுப்பார்கள். நீங்கள் வாரம் 6 மணி நேரம் செலவழித்துப் புதிதாக ஒன்று சமைத்துக் கொடுக்கிறீர்கள். அவர்கள் கேட்பதோ, ஏற்கெனவே உங்கள் மெமரி கார்டில் கிடக்கிறது.

இதை வைத்து இரண்டே நிலைகளாகச் சுருக்கச் சொல்கிறேன். மேல் நிலைக்காரருக்குக் கீழ் நிலைச் சலுகை எல்லாம் தானாகவே சேரும் என்பதை மறக்க வேண்டாம். கீழே கனமாக எதையாவது வைத்தால் அந்தச் சுமை எல்லாருக்கும் சேர்த்து உங்கள் தலையில் விழும். அதனால் கீழ் நிலை லேசாகவே இருக்கட்டும்.

59 ரூபாய் நிலைக்குத் ‘திண்ணை’ என்று பெயர் வையுங்கள். பேட்ஜ், எமோஜி அப்படியே இருக்கட்டும். கூடவே இரண்டு: ஒவ்வொரு பொது வீடியோவையும் இரண்டு நாள் முன்னாடி உறுப்பினர் பார்வைக்கு விடுங்கள், பிறகு பொதுவாக்குங்கள். மாதம் ஒருமுறை அடுத்து எந்தச் சமையல் என்று வாக்கெடுப்பு வையுங்கள். உளுந்தங்களியா, கூட்டாஞ்சோறா, இடிசாம்பாரா என்று நீங்கள் எப்படியும் சமைக்கப்போகிற மூன்றைத்தான் கொடுக்க வேண்டும். எதையும் கேட்கலாம் என்று திறந்துவிட்டால் தெரியாத சமையலுக்கு மாட்டிக்கொள்வீர்கள். முன்கூட்டியே விடுவதில் ஒரு கட்டுப்பாடு உண்டு, வீடியோ இரண்டு நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். உங்கள் வெளியீட்டு நாள் வெள்ளி என்றால் எடிட்டிங் புதனோடு முடிய வேண்டும். முதல் இரண்டு வாரம் இது இடிக்கும், பிறகு பழகிவிடும்.

199 ரூபாய் நிலை ‘அடுக்களை’. இதில் மூன்று. முதலாவது அளவுச் சீட்டு. சமைக்கும்போது அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தராசையும் ஒரு நோட்டையும் வையுங்கள். அத்தை கையால் அள்ளிப் போடும் ஒவ்வொன்றையும் போடும் முன் தராசில் காட்டச் சொல்லி நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதை ஒரே வார்ப்புருவில் நிரப்பி, ஒரு பக்கப் படமாக உறுப்பினர் பதிவில் போட வேண்டியதுதான். கீழே இரண்டே வரியில் ‘எங்கே கெடும்’ என்று எழுதுங்கள். சொதி என்றால் பால் திரியும் இடமும் எலுமிச்சை விடும் நேரமும். பழகியபின் ஒரு சீட்டுக்கு 25 நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இரண்டாவது, மாதம் ஒரு அத்தை துண்டு. வெட்டிப்போட்ட காட்சியிலிருந்து எட்டு, பத்து நிமிடம். தலைப்பு அட்டை, இசை, வெட்டு ஒட்டு எதுவும் வேண்டாம். முன்னும் பின்னும் கத்தரித்து ஏற்றிவிடுங்கள். அழகுபடுத்த ஆரம்பித்தால் அது மறுபடியும் 6 மணி நேர வேலையாகிவிடும், கவனம். இதற்கு அத்தையின் சம்மதம் வேண்டும். கேமரா ஓடுவதை மறந்து உறவுக்காரர்களைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார். ஏற்றும் முன் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம். அவர் உற்சாகமாக இருக்கும் நாளில் எடுத்ததில் எப்போதும் இரண்டு துண்டு கையிருப்பில் கிடக்கட்டும். உடம்பு சரியில்லாத மாதத்தில் அது கைகொடுக்கும்.

மூன்றாவது, மாதம் ஒரு மணி நேர உறுப்பினர் நேரலை. வாட்ஸ்அப் குழுவும் வீடியோ காலும் செய்த வேலையை இந்த ஒன்று செய்யும். நேரலைக்கு நான்கு நாள் முன்பு உறுப்பினர் பதிவு போட்டுச் சந்தேகங்களைக் கேளுங்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, எட்டுப் பத்தை எடுத்துப் பெயர் சொல்லிப் பதில் சொல்லுங்கள். ஞாயிறு இரவு ஏழரைக்கு வைத்தால் துபாயில் மாலை ஆறு, சிங்கப்பூரில் இரவு பத்து, இரண்டு பக்கமும் வர முடியும். வர முடியாதவர்களுக்குப் பதிவு அப்படியே உறுப்பினர் வீடியோவாகக் கிடக்கும்.

சலுகையை எழுதும்போது வாரம் என்ற சொல்லே வேண்டாம். ‘ஒவ்வொரு பொது வீடியோவுக்கும் அளவுச் சீட்டு’ என்று எழுதினால், நீங்கள் ஒரு வாரம் வீடியோ போடாவிட்டாலும் வாக்குத் தவறியதாகாது. நேரலை வருடத்தில் பத்து மாதம் என்றே எழுதிவிடுங்கள். ஆனித் தேரோட்டம் வரும் மாதமும் தை பிறக்கும் மாதமும் உங்கள் வீட்டில் என்ன நிலை என்று உங்களுக்கே தெரியும்.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம்? வாரம் இரண்டு என்று மாதம் எட்டு வீடியோ வந்தாலும் சீட்டுக்கு மூன்றரை மணி நேரம், அத்தை துண்டுக்கு ஒன்றரை, நேரலையும் கேள்வி பிரிப்பதும் இரண்டு, உறுப்பினர் பதிவுகளில் பதில் சொல்ல ஒரு மூன்று. பத்து மணி நேரத்துக்குள் முடியும். பணம் முதலில் குறையும், அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஒன்பது பேரில் ஐந்து பேர் 199க்கு வந்து, இப்போதைய 31இல் ஆறு பேர் போனாலும், 30 பேருக்கு 3,540, திண்ணையில் 3,360, ஆக 6,900 ரூபாய். இப்போது நிற்பதைவிட 1,500 குறைவு. ஆனால் 60 மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது. அதில் பாதியை இரண்டாவது பொது வீடியோவுக்குக் கொடுங்கள், மீதியில் தூங்குங்கள்.

குலுக்கலை இன்றே நிறுத்துங்கள். இதைச் சலுகைக் கணக்கில் வைத்து யோசிக்கவே வேண்டாம். காசு கட்டிய எல்லாருக்கும் கிடைக்காமல் அதிர்ஷ்டப்படி சிலருக்கு மட்டும் கிடைப்பதை உறுப்பினர் சலுகையாக வைக்க யூடியூப் விதி அனுமதிப்பதில்லை. ஒரு கிலோ கருப்பட்டிக்காக மொத்தத் திட்டமும் முடங்கிவிடக் கூடாது. இந்த மாதக் குலுக்கலுக்கு வைத்திருந்ததை வீட்டில் பணியாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பொடி பார்சலைச் சந்தாவிலிருந்து பிரித்து விற்பனையாக்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே தடவையாக அரைத்து, கூரியர் செலவு தனியாகச் சேர்த்த விலையில், இத்தனை டப்பாதான் என்று சொல்லி விற்கலாம். ஆர்டர் எடுப்பதை உறுப்பினர்களுக்கு ஒரு நாள் முன்னதாகத் திறந்துவிட்டால் அதுவே அவர்களுக்குச் சலுகை, உங்களுக்குக் கூடுதல் வேலையில்லை. வீட்டில் செய்து விற்பதற்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இதுவரை எடுக்கவில்லை என்றால் அடுத்த பார்சலுக்கு முன் எடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் உங்கள் தூக்கம் போவதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. அதில் இருக்கும் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும். பெண்கள் நிறையப் பேர் இருக்கும் குழு, முகம் தெரியாதவர் யார் வேண்டுமானாலும் 199 கட்டி உள்ளே வரலாம். சந்தாவை நிறுத்தியவரை நீங்களே தேடிப்பிடித்து நீக்கவும் வேண்டும், யூடியூபுக்கும் அந்தக் குழுவுக்கும் தொடர்பில்லை. ஆகவே நாளைக்கே அமைப்பில் போய் ‘அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம்’ என்று மாற்றுங்கள். ஒரு மாதம் அறிவிப்புக்கு மட்டும் வைத்திருந்து பிறகு மூடிவிடுங்கள்.

மாற்றத்தை அறிவிக்கும் முறை முக்கியம். எல்லாருக்கும் ஒரு முழுக் கட்டண மாதம் முன்னதாகவே உறுப்பினர் பதிவில் சொல்லுங்கள். இன்ன தேதியிலிருந்து இது நிற்கிறது, இது வருகிறது என்று தேதியோடு. மன்னிப்புக் கடிதமாக நீட்ட வேண்டாம், காரணம் ஒரு வரி போதும்: பொது வீடியோ மறுபடி வாரம் இரண்டு வர வேண்டும். 599இல் இருக்கும் ஒன்பது பேருக்கு மட்டும் தனித்தனியே எழுதுங்கள். கட்டிய மாதத்துக்கான பார்சலும் காலும் முழுசாகக் கொடுத்து முடியுங்கள். நிலையை நீக்குவதற்கு முன்பே, விருப்பப்பட்டால் 199க்கு மாறிக்கொள்ளும்படி கேளுங்கள். அவர்களில் சிலர் உங்களுக்கு உதவத்தான் அந்தத் தொகையைக் கட்டுகிறார்கள், பொடிக்காக இல்லை. அவர்கள் தங்குவார்கள்.

கடைசியாக, ஆள் எப்போது விலகுகிறார் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பிடிக்கும் கட்டணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே ‘நாளை இவ்வளவு பிடிக்கப்படும்’ என்று உறுப்பினருக்குச் செய்தி போகிறது. இருக்கலாமா போகலாமா என்று அவர் யோசிப்பது அப்போதுதான். அந்தத் தேதி ஒவ்வொருவருக்கும் வேறு, சேர்ந்த நாளைப் பொறுத்தது. மூன்று வாரம் ஒன்றுமே வராமல் கிடந்து மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கொட்டினால், நடுவில் அந்தச் செய்தி கிடைத்தவர் போய்விடுவார். அதனால் சலுகைகளைப் பரப்புங்கள். அளவுச் சீட்டு வாரந்தோறும் வீடியோவோடு தானாகப் பரவிவிடும். நேரலை இரண்டாவது ஞாயிறு, அத்தை துண்டு நான்காம் வாரம், வாக்கெடுப்பு முதல் வாரம் என்று வைத்தால், யாருக்கு எந்த நாளில் செய்தி போனாலும் அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் அவர் கையில் ஏதோ ஒன்று கிடைத்திருக்கும்.

விலகியவர்களில் ஒரு பகுதி விலக நினைத்தவர்களே அல்ல. கணக்கில் காசு இல்லாமலோ அட்டை காலாவதியாகியோ கட்டணம் பிடிபடாமல் போயிருக்கும். அவர்களால் உறுப்பினர் நேரலையைப் பார்க்க முடியாது, அதனால் பொது வீடியோவில் ஒவ்வொரு மாதமும் ஒருமுறை, “பேட்ஜ் காணாமப் போயிருந்தா பேங்க்ல ஒரு தடவை பாத்துக்கோங்க” என்று அத்தையையே சொல்லச் சொல்லுங்கள்.

மூன்று மாதம் கழித்து அளவுச் சீட்டுப் பதிவுகளையும் அத்தை துண்டையும் திறந்து, எதன் கீழே ஆட்கள் பேசுகிறார்கள் என்று பாருங்கள். சீட்டின் கீழே “நேத்து செஞ்சேன், சரியா வந்துச்சு” என்று வந்தால் அது வேலை செய்கிறது. ஒரு சலுகையின் கீழே மூன்று மாதமாக யாருமே பேசவில்லை என்றால் அதை எடுத்துவிடலாம், ஆனால் அந்த இடத்தில் உடனே வேறொன்றைச் சேர்க்க வேண்டாம். சலுகையைச் சேர்ப்பது ஒரு நிமிட வேலை, சேர்த்ததைத் திரும்ப எடுக்க இப்போது எழுதியிருப்பதைப் போல ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.